ஜெனரேட்டர் வெளிச்சமும் மூன்று ஃப்ரேம் கணக்கும்: கல்யாண வீடியோவில் ஓடும் பட்டைகளை நீக்குவது

"அண்ணே, தங்கச்சிமடத்துல ஒரு கல்யாணம் எடுத்தேன். மண்டபத்துக்குள்ள ட்யூப்லைட், வெளிய பந்தல்ல எல்இடி ஃபோகஸ் லைட். பாதியில கரண்ட் போயி பந்தலுக்கு ஜெனரேட்டர் ஓடுச்சு. 30 ஃப்ரேம், ஷட்டர் 1/60. வீட்டுக்கு வந்து பாத்தா ரெண்டு இடத்துலயும் குறுக்கால கருப்புப் பட்டை ஓடுது, பந்தல்ல எடுத்தது ரொம்ப மோசம். மூணு ஃப்ரேமைக் கலந்து பாத்தேன், மண்டபத்துல பட்டை போச்சு, ஆனா ஆளுங்க கை கால் எல்லாம் பேய் மாதிரி இழுக்குது. பந்தல்ல பட்டையும் போகல. மறுபடி எடுக்க வழியில்ல. எடிட்ல சரிபண்ண முடியுமா?"

முடியும் தம்பி, இரண்டையும் மீட்கலாம். நீங்கள் மூன்று ஃப்ரேம் கலந்ததில் மண்டபக் காட்சியில் பட்டை போனது தற்செயல் இல்லை. பந்தலில் போகாததற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் புரிந்துவிட்டால் எத்தனை ஃப்ரேம் வைக்க வேண்டும் என்பதை நீங்களே எண்ணிக் கண்டுபிடித்துவிடுவீர்கள். கை கால் இழுப்பதைத் தவிர்க்கத் தனி வழி உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊர் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரம் இரு திசையிலும் ஒருமுறை உச்சம் தொடுவதால், விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. அதாவது 10 மில்லிவிநாடிக்கு ஒரு துடிப்பு. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் கேமராவின் சென்சார் முழுப் படத்தையும் ஒரே நொடிப்பில் எடுப்பதில்லை. மேல் வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குகிறது. அப்படி இறங்கி முடிக்க உங்கள் கேமராவுக்கு 20 மில்லிவிநாடி ஆகிறது என்றால், அதற்குள் விளக்கு இரண்டு முறை துடித்துவிடும், படத்தில் இரண்டு பட்டை விழும். வேகமாக இறங்கும் கேமராவில் ஒரே பட்டைதான், அதுவும் அகலமாக இருக்கும்.

ஷட்டர் 1/50 வைத்திருந்தால் ஒவ்வொரு வரியும் சரியாக இரண்டு முழுத் துடிப்பை வாங்கியிருக்கும். 1/100 என்றால் ஒரு முழுத் துடிப்பு. எந்த வரி எப்போது தொடங்கினாலும் பங்கு சமம், அதனால் பட்டையே விழாது. 1/60 என்பது ஒன்றும் மூன்றில் இரண்டு பங்கும். அந்த மிச்ச மூன்றில் இரண்டு பங்கு ஒரு வரிக்கு உச்சத்தில் விழும், இன்னொரு வரிக்குப் பள்ளத்தில் விழும். உங்கள் பட்டை முழுவதும் அந்த மிச்சத்தால் வந்ததுதான். ஷட்டர் ஃப்ரேம் எண்ணிக்கையின் இருமடங்காக இருக்க வேண்டும் என்று நம்மவர்கள் பிடித்துவைத்திருக்கும் விதி, 60 சுற்றுக் கரண்ட் ஓடும் அமெரிக்காவில் 30 ஃப்ரேமுக்கும் பொருந்திவிடுகிறது. ராமநாதபுரத்தில் பொருந்தாது.

ஒரு ஆறுதல் என்னவென்றால், 1/60-இல் விளக்கின் ஏற்றத்தாழ்வில் ஆறில் ஒரு பங்குதான் படத்துக்குள் வருகிறது. 1/250 வைத்திருந்தால் முக்கால் பங்கு வந்திருக்கும். பந்தல் காட்சி மோசமாக இருப்பதன் முதல் காரணமும் இங்கேதான். பழைய சோக் போட்ட ட்யூப்லைட்டில் பள்ளத்திலும் உள்ளே பூசிய பாஸ்பர் கொஞ்சம் ஒளிர்ந்துகொண்டே இருக்கும், முழுதாக அணையாது. வாடகைக்கு வரும் மலிவான ஃபோகஸ் லைட்டில் எல்இடி இருக்கும் அதே தகட்டிலேயே அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட்டையும் வைத்து, பெரிய மின்தேக்கியைத் தவிர்த்துவிடுகிறார்கள். அது ஒவ்வொரு துடிப்பிலும் கிட்டத்தட்ட அணைந்து எரிகிறது.

இப்போது முக்கியமான கணக்கு. கேமராவில் 30 என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அது 29.97. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் விளக்கு 100 ÷ 29.97, அதாவது சுமார் 3.34 முறை துடிக்கிறது. முழு மூன்றை விட்டுவிடுங்கள், அது பட்டையின் இடத்தை மாற்றாது. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொரு ஃப்ரேமிலும் பட்டை தன் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நகர்கிறது, நான்காவது ஃப்ரேமில் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. எந்த வரியை எடுத்தாலும், அடுத்தடுத்த மூன்று ஃப்ரேமில் அது துடிப்பின் மூன்று சமமான இடங்களைப் பார்த்துவிடுகிறது. அந்த மூன்றின் சராசரியில் பட்டைக்கு இடமில்லை. மண்டபக் காட்சியில் நடந்தது இதுதான்.

பந்தலில் ஓடியது ஜெனரேட்டர். அதன் வேகத்தைக் கவர்னர்தான் பிடித்துவைக்கிறது. நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடினால் 50 ஹெர்ட்ஸ். ஆனால் சாதாரண கவர்னர் உள்ள ஜெனரேட்டரை, பாரம் ஏறும்போது வேகம் இறங்கும் என்பதால், பாரம் இல்லாதபோது 52 வரை வைத்திருப்பார்கள். கல்யாணப் பந்தலில் பாதிப் பாரம் இருக்கும் நேரத்தில் 51 ஓடுவது சாதாரணம். அப்போது விளக்குத் துடிப்பு 102. 102 ÷ 29.97 என்பது 3.40. மிச்சம் ஐந்தில் இரண்டு பங்கு. இந்தப் பட்டை பழைய இடத்துக்கு வர ஐந்து ஃப்ரேம் ஆகும். மூன்றை வைத்துக் கலந்தால் ஐந்தில் ஒரு பங்குப் பட்டை அப்படியே நிற்கும். ஐந்து வைத்தால் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும்.

ஆகவே மென்பொருளில் எந்த ஸ்லைடரையும் தொடும் முன், பட்டை எத்தனை ஃப்ரேமில் திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். கேமரா அசையாத, யாரும் குறுக்கே போகாத ஒரு துண்டை எடுங்கள். பந்தலின் வெள்ளைத் துணியோ மண்டபச் சுவரோ பெரிதாகத் தெரியும் இடமாக இருந்தால் நல்லது. அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, கருப்பின் நடுப்பகுதி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் கிளிப்பை 90 டிகிரி திருப்பிவிட்டு வேவ்ஃபார்மைத் திறங்கள். வேவ்ஃபார்ம் படத்தின் இடம் வலத்தைத்தான் அப்படியே காட்டும். படத்தைத் திருப்பியதும் குறுக்குப் பட்டை நெடுக்குப் பட்டையாகி, வரைபடத்தில் மேடு பள்ளமாகத் தெளிவாகத் தெரியும். அடுத்த ஃப்ரேமை ஒன்று என்று தொடங்கி, அந்தப் பள்ளம் முதல் இடத்துக்கு வரும் வரை எண்ணுங்கள். மண்டபத்துக்கு மூன்று வரும். பந்தலுக்கு ஐந்தாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நீங்கள் எண்ணியதுதான் முடிவு. பாரம் குறைந்து 52-ஐ நெருங்கிய நேரமென்றால் இரண்டே ஃப்ரேமில் கிட்டத்தட்டத் திரும்பிவிடும்.

எண்ணுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபோனில் எடுத்த துண்டு ஏதாவது கலந்திருந்தால் அதன் ஃப்ரேம் இடைவெளி சீராக இருக்காது, இந்தக் கணக்கு அங்கே தடுமாறும். ffmpeg மென்பொருளோடு வரும் ffprobe-ஐக் கட்டளைத் திரையில் இப்படி ஓட்டிப் பாருங்கள், `in.mov` என்ற இடத்தில் உங்கள் கிளிப்பின் பெயரைப் போடுங்கள்.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate in.mov
```

இரண்டு எண்ணும் `30000/1001` என்று ஒன்றாக வந்தால் கவலையில்லை. வேறுவேறாக வந்தால் பட்டை தாறுமாறாக நகரும், எண்ணிப் பயனில்லை. அந்தத் துண்டைத் தனியே ஒதுக்கிவைத்துவிடுங்கள்.

இனி கை கால் இழுக்கும் பிரச்சினை. மூன்று படத்தைக் கலந்தால் மூன்று கையும் சேர்ந்துதான் வரும். நமக்கு வேண்டியது மூன்று ஃப்ரேமின் படம் இல்லை, அவற்றின் வெளிச்சம் மட்டும். அதனால் ஃப்ரேமைக் குறுக்குவாக்கில் பலமாக மங்கலாக்கிக்கொள்கிறோம். ஆளும் முகமும் கரைந்துவிடும், வரிக்கு வரி மாறும் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். மூன்று ஃப்ரேமின் சராசரிக்கும் அதே மங்கல். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், இந்த வரியை எத்தனை மடங்கு ஏற்ற வேண்டும், எத்தனை மடங்கு இறக்க வேண்டும் என்ற எண் கிடைக்கிறது. அந்த எண்ணை மங்கலாக்காத அசல் ஃப்ரேமின் மேல் பெருக்குகிறோம். அசல் படம் ஒன்றே ஒன்றுதான், அதனால் பேய் நிழல் வராது.

```
ffmpeg -i in.mov -filter_complex "[0:v]format=gbrp16le,split=3[o][p][q];[p]avgblur=sizeX=400:sizeY=6[c];[q]tmix=frames=3,avgblur=sizeX=400:sizeY=6[m];[m][c]blend=all_expr='clip(16384*A/max(B,256),11500,23000)'[r];[o][r]blend=all_expr='min(65535,A*B/16384)'" -c:v prores_ks -profile:v 3 -pix_fmt yuv422p10le -c:a copy out.mov
```

பந்தல் காட்சிக்கு `tmix=frames=3` என்பதை `frames=5` ஆக்குங்கள், மற்றது அப்படியே இருக்கட்டும். `clip` என்ற பகுதி, ஏற்றுவதும் இறக்குவதும் ஏறத்தாழ 0.7 மடங்கிலிருந்து 1.4 மடங்குக்குள் நிற்கும்படி கடிவாளம் போடுகிறது. அது இல்லாவிட்டால் இருட்டு மூலைகள் வெடிக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே திருத்துவதற்காகத்தான் `gbrp16le`. ட்யூப்லைட்டில் இது மிக முக்கியம். நீல ஒளி பள்ளத்தில் சட்டென்று இறங்கிவிடும், மற்ற நிறங்கள் சற்றுத் தங்கும். அதனால் அந்தப் பட்டை வெறும் கருப்பு இல்லை, மஞ்சள் கலந்தது. வெளிச்சத்தை மட்டும் சரிசெய்தால் கருப்பு போய், மணப்பெண்ணின் வெள்ளைக் கவுனில் மஞ்சள் கோடு ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டளை மெதுவாகத்தான் ஓடும். முதலில் ஒரு பத்து விநாடித் துண்டில் பார்த்துவிட்டு முழுதுக்கும் இரவில் போட்டுவிடுங்கள்.

எடிட்டிங்கில் வேறு எதையும் செய்வதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். ஸ்டெபிலைசர் போட்ட பின் வரிகள் இடம் மாறியிருக்கும். 25 ஃப்ரேம் டைம்லைனில் போட்டு எடுத்தால் நடுவே சில ஃப்ரேம்கள் காணாமல் போயிருக்கும், மூன்று ஃப்ரேமுக்கு ஒருமுறை திரும்பும் ஒழுங்கு கெட்டுவிடும். ஸ்லோ மோஷனும் அப்படியே. ஷாட்டுகளை ஒட்டிய பிறகு ஓட்டினாலும் தவறு, வெட்டு விழுந்த இடத்தில் பழைய ஷாட்டின் வெளிச்சம் புதிய ஷாட்டுக்குள் கசியும். ஒவ்வொரு கிளிப்பாக, கேமராவிலிருந்து வந்தபடியே ஓட்டுங்கள். லாக் முறையில் எடுத்திருந்தால் முதலில் அதை ரெக் 709-க்கு மாற்றிவிடுங்கள். லாக் எண்களின் மேல் இந்தப் பெருக்கல் சரியாக உட்காராது.

ffmpeg-இல் `deflicker` என்று ஒன்று இருக்கிறதே என்று தேடிப் போக வேண்டாம். அது முழு ஃப்ரேமின் மொத்த வெளிச்சத்தைத்தான் சமன் செய்யும், ஃப்ரேமுக்குள் ஓடும் பட்டையைப் பார்க்காது. டாவின்சி ரிசால்வின் விலைகொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில் உள்ள `Deflicker`, `Fluoro Light` தேர்வோடு, மண்டபக் காட்சி போன்றவற்றுக்கு நன்றாகவே உழைக்கும். ஜெனரேட்டர் காட்சிக்கு எத்தனை ஃப்ரேமில் திரும்புகிறது என்பதை நம் கையில் வைத்திருப்பதையே நான் நம்புவேன்.

எங்கெல்லாம் சொதப்பும் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பந்தல் காட்சியில் இவற்றில் ஒன்றிரண்டு நிச்சயம் வரும்.

ஜெனரேட்டரின் வேகம் நிலையாக நிற்காது. சாப்பாட்டுப் பந்தியில் சீரியல் செட்டும் மின்விசிறியும் ஒன்றாகப் போட்டதும் வேகம் இறங்கும், கவர்னர் அதைப் பிடித்துத் தூக்கும். பட்டை ஓடும் வேகம் பாதியில் மாறுவதைப் பார்த்தால் அந்த இடத்தில் கிளிப்பை வெட்டி, இரு பக்கமும் தனித்தனியே எண்ணுங்கள். ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் மூன்று வரலாம்.

பந்தலின் ஒரு பக்கம் ஃபோகஸ் லைட், மறுபக்கம் கேமராமேன் கையில் பிடித்த பேட்டரி எல்இடி என்று இருந்தால், பேட்டரி விளக்கின் கீழ் நிற்பவர்கள் மேல் முதலில் பட்டையே இருக்காது. நம் திருத்தம் அங்கேயும் போய் வரிகளை ஏற்றி இறக்கும், இல்லாத பட்டை தலைகீழாக உருவாகும். குறுக்கு மங்கலை முழு அகலத்துக்கும் வைக்காமல் 400 என்று நிறுத்தியது ஓரளவுக்கு இதற்காகத்தான். போதவில்லை என்றால் திருத்திய கிளிப்பை அசலின் மேல் அடுக்கி, அந்த ஆட்கள் நிற்கும் இடத்தை மட்டும் மென்மையான விளிம்புள்ள மாஸ்க்கால் வெட்டி அசலைக் காட்டுங்கள். பெரிய மண்டபங்களில் விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அங்கேயும் இடப்பக்கப் பட்டையும் வலப்பக்கப் பட்டையும் ஒரே உயரத்தில் இருக்காது. அப்போது 400-ஐ 200 ஆக்கிப் பாருங்கள்.

புகைப்படக்காரரின் ஃபிளாஷ் ஓரிரு ஃப்ரேமில்தான் அடிக்கிறது, ஆனால் சராசரியில் அது மூன்று அல்லது ஐந்து ஃப்ரேமுக்குப் பரவும். ஃபிளாஷுக்கு அடுத்த ஃப்ரேம்கள் வெளுத்திருக்கும். அந்தச் சில ஃப்ரேமுக்கு அசலையே வைத்துவிடுங்கள். வெளிச்சம் வெடிக்கும் அந்தக் கணத்தில் பட்டையை யாரும் கவனிக்க மாட்டார்கள். கேமராவை மேலும் கீழுமாகச் சட்டென்று சாய்த்த இடங்களிலும் வரிகளின் வெளிச்சம் விளக்கால் இல்லாமல் காட்சியால் மாறும், லேசான மூட்டம் அலையும். இடம் வலமாகத் திருப்பியதில் இந்தத் தொல்லை குறைவு.

மீட்கவே முடியாதது வெளுத்துப்போன வெள்ளை. பட்டையின் வெளிச்ச மேட்டில் கவுன் முழுதாக வெளுத்து விவரம் போயிருந்தால், அதை இறக்கினால் சாம்பல் நிறம்தான் வரும், சரிகையும் லேஸும் திரும்பாது. கருப்புப் பள்ளத்தை ஏற்றும்போது அந்த வரிகளில் புள்ளி இரைச்சலும் சேர்ந்து ஏறும். திருத்தம் முடிந்த பிறகு லேசாக நாய்ஸ் ரிடக்ஷன் போடுங்கள், முன்னால் போடாதீர்கள்.

இன்னொன்று. இதே கல்யாணத்தை 25 ஃப்ரேமில், தவறான ஷட்டரோடு, மண்டபக் கரண்டில் எடுத்திருந்தால் இந்த வழி உதவியிருக்காது. 100-ஐ 25 சரியாக நான்கு முறை வகுத்துவிடும், மிச்சமில்லை. பட்டை ஒரே இடத்தில் நிற்கும், எத்தனை ஃப்ரேமைக் கூட்டினாலும் போகாது. கிரிட்டின் அதிர்வெண் கொஞ்சம் ஏறி இறங்குவதால் மிக மெல்ல ஊரும், அவ்வளவுதான். அதற்கு வெறும் சுவர் தெரியும் ஃப்ரேமிலிருந்து பட்டையின் வடிவத்தை எடுத்து, அது ஊரும் இடத்துக்கெல்லாம் கையால் நகர்த்தித் திருத்த வேண்டும். அந்த வகையில் உங்களுடைய 30 ஃப்ரேம் இப்போது உங்களுக்குச் சாதகம்.

அடுத்த வேலைக்கு: மண்டபக் கரண்டில் 25 ஃப்ரேம், 1/50. வாடிக்கையாளர் 30 ஃப்ரேம்தான் வேண்டும் என்றாலும் ஷட்டர் 1/50 தான், அசைவு சற்றுக் குழைந்தால் பரவாயில்லை. பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் கடற்கரைப் பந்தல் என்றால் ஜெனரேட்டர்காரரிடம் போய் பேனலில் உள்ள ஹெர்ட்ஸ் மீட்டரைப் பாருங்கள். விளக்கு, விசிறி எல்லாம் போட்ட பிறகு பார்க்க வேண்டும், வெறுமனே ஓடும்போது பார்த்தால் அந்த எண் நிற்காது. 51 காட்டினால் உங்களுக்கு வேண்டிய ஷட்டர் 1/51. சில கேமராக்களில் ஷட்டரை இப்படி நுணுக்கமாக, தசமப் புள்ளிவரை திருப்பும் வசதி உண்டு. மெனுவில் தேடிப் பாருங்கள். திரையில் பட்டை மறையும் வரை மெல்லத் திருப்பி அங்கே நிறுத்தலாம். அந்த வசதி இல்லாத கேமரா என்றால் 1/50-இலேயே விடுங்கள். ஜெனரேட்டர் 52-இல் ஓடினாலும் விளக்கின் ஏற்றத்தாழ்வில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் படத்துக்குள் வரும், அதை மேலே சொன்ன கட்டளை சுலபமாகத் துடைத்துவிடும்.

ஃபோகஸ் லைட்டை வாடகைக்கு எடுக்கும் முன் ஃபோனில் ப்ரோ மோடைத் திறந்து, ஷட்டரை 1/1000 வைத்து, விளக்கு விழும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். ஒவ்வொரு விளக்கையும் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். சுவரில் கருப்புப் பட்டை அழுத்தமாக ஓடினால் அந்த விளக்கைப் பந்தியின் பின்பக்கம் கட்டச் சொல்லுங்கள், மேடைக்குப் பட்டை தெரியாத விளக்கு போகட்டும்.

மண்டபக் கிளிப்பில் பத்து விநாடியை மூன்று வைத்தும், பந்தல் கிளிப்பில் பத்து விநாடியை ஐந்து வைத்தும் ஓட்டிப் பாருங்கள். பந்தலில் பட்டை மெலிந்து, ஆனால் மெதுவாக ஓடுவதுபோல் மிச்சமிருந்தால் எண்ணிக்கை தவறு. ஒன்று கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டு, எத்தனை ஃப்ரேமில் திரும்பியது என்று எழுதுங்கள். அதை வைத்து அன்றைக்கு ஜெனரேட்டர் எவ்வளவில் ஓடியது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.